ஆணி நூறு சுவரில் ஏற: முதல் சொந்த வீட்டுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு

அக்காவும் அத்தானும் 16 வருஷத்தில் 7 வாடகை வீடு மாறியவர்கள். முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். குடிபோகும் நாளுக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னாள் அக்கா. "நீ பாடி நாங்க கேக்கறதுக்கு இல்லடி. வர்றவங்க எல்லாரும் சேந்து பாடணும்" என்றாள். எழுதப்போகிற உற்சாகத்தில் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினேன். அதன் பலனாக இரண்டு வாரம் வீணானது.

முதலில் எழுதியது எட்டு அடி. அடிக்கு அடி எதுகை, மோனை எல்லாம் கச்சிதமாக விழுந்திருந்தன. "நிலவுலகில் நிகரில்லா நிறைமனையே" என்ற ரீதியில் போகும். சாவி கைக்கு வந்த மறுநாள் வீட்டைப் பெருக்கப் போயிருந்தபோது, கூடத்தில் நின்று பாடிக் காட்டினேன். குடும்பத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கேட்டார்கள், தலையாட்டினார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. அத்தான் மட்டும், "நல்லா இருக்கும்மா, ஆனா நாங்க எப்ப ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. எட்டு அடியில் அவர் நுழைய ஓர் இடம்கூட நான் விட்டு வைக்கவில்லை. அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் காகிதம் கொடுத்தால் எல்லோரும் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள், கண்ணாடி கொண்டுவராதவர்கள் அதைக்கூடப் பார்க்க மாட்டார்கள். விருந்தாளி எந்த ஒத்திகைக்கும் வராதவர். அவர் பங்கு, ஒரு முறை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருந்தாக வேண்டும். மீதி எல்லாவற்றையும் முன்னே பாடுகிறவர் சுமந்துகொள்ளலாம். இந்தக் கணக்கில் எட்டு அடியையும் கிழித்துப் போட்டேன். எதுகைக்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

விருந்தாளிகளின் வரி என்று முதலில் நினைத்தது "வாழ்க வாழ்க". எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, பாடிப் பார்த்தால் வரவில்லை. "வாழ்க" என்ற சொல்லில் நடுவே "ழ்க்" என்று குரல் அடைபடுகிறது. முடிவில் இருப்பதோ குறில், இழுக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அது கோஷமாகிவிடுகிறது. வீட்டுச் சின்னப் பையன் நிஜமாகவே கையை உயர்த்தி மேடைப் பேச்சாளர் போல ஒரு முறை சொல்லிக் காட்டினான். அதே பொருளை "வாழியவே" என்று மாற்றினேன். "வா" நெடில், "வே" நெடில், நடுவில் "ழிய" வழுக்கிக்கொண்டு போகிறது. முடிவில் இருக்கும் "வே"யை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்து நிற்கலாம். சேர்ந்து பாட வேண்டிய எந்த வரியும் நெடிலில் முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, அவர்கள் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பது. கையசைத்துக் காட்டலாம், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் காட்டிக்கொண்டிருக்க முடியுமா? வழி இலக்கணத்தில் கிடைத்தது. முன்னே பாடுகிறவரின் வரியை முற்றாக முடிக்காமல், "கூட", "பேச", "சேர" என்று செயவென் எச்சத்தில் நிறுத்திவிட்டேன். "உறவு கூட..." என்று நிறுத்தினால் தமிழ்க் காது சும்மா இருக்காது. கூட, என்ன? அந்தத் தொக்கி நிற்கும் இடத்தில் "வாழியவே" வந்து உட்கார்ந்தால் வாக்கியம் முழுமையாகிறது. "உறவு கூடும், காற்று பேசும்" என்று முற்றாக எழுதிப் பாடியும் சோதித்துப் பார்த்தேன். அப்போது எல்லோரும் ஒரு நொடி தயங்கி, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சேர்ந்தார்கள். எச்சமாக மாற்றியபின் யாரும் என்னைப் பார்க்கவே இல்லை.

நடை தகிட தகிட தகிட தகிட. ஒரு சீருக்கு மூன்று மாத்திரை, அடிக்கு நான்கு சீர். கணக்கு எளிது: நெடிலும், பின்னால் மெய் வரும் குறிலும் இரண்டு; தனிக் குறில் ஒன்று; சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகுவதால் அதுவும் ஒன்று. "நம்ம வீடு நல்ல வீடு" என்று விரல் விட்டு எண்ணினால் 12. "வாழியவே வாழியவே" என்றாலும் 12. இரண்டும் ஒரே நீளம் என்பதால் தாளம் தெரியாதவர்களும் தடுக்கி விழ மாட்டார்கள்.

கடைசியில் பாட்டு இவ்வளவுதான்:

நம்ம வீடு நல்ல வீடு
வாழியவே வாழியவே

கதவு தேடி உறவு கூட
வாழியவே வாழியவே

சன்னலோடு காற்று பேச
வாழியவே வாழியவே

மாலை வேளை ஒளியும் ஊற
வாழியவே வாழியவே

ஆணி நூறு சுவரில் ஏற
வாழியவே வாழியவே

பத்திரமும் வீடு சேர
வாழியவே வாழியவே

"நம்ம வீடு" என்ற இரண்டு சொல்லுக்கு வீட்டில் ஒரு மணி நேர விவாதம் நடந்தது. "எங்க வீடு" என்றால் விருந்தாளி பாட முடியாது. "உங்க வீடு" என்றால் வீட்டுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், தவிர அதில் ஒரு தள்ளி நிற்கும் தொனியும் இருக்கிறது. வந்தவரையும் வரவேற்பவரையும் ஒரே சொல்லில் உள்ளே இழுக்க "நம்ம" ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. பெரியப்பா விடவில்லை: "நம்ம வீடுன்னா மாசத் தவணையிலயும் எனக்குப் பங்கு உண்டா?"

இன்னொரு சிக்கலைக் கிளப்பியது அம்மா. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து வாழ்த்துவதா என்று கேட்டார். அக்காவைவிடப் பெரியவர்கள் பாதிப் பேர், சின்னவர்கள் பாதிப் பேர் வருவார்கள். "நல்லா இருங்க" என்றால் பெரியவர் வாயில் அது பொருந்தாது, "நல்லா இரு" என்றால் சின்னவர் வாயில் பொருந்தாது. "வாழிய" என்ற வியங்கோளில் அந்தத் தொல்லையே கிடையாது. அது இரு திணைக்கும், ஐந்து பாலுக்கும், மூன்று இடத்துக்கும் பொது. ஐந்து வயதுப் பிள்ளையும் 80 வயதுப் பாட்டியும் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்லலாம். போதாததற்கு, வாழ்த்தை மனிதர்களை நோக்கி வைக்காமல் வீட்டை நோக்கியே வைத்தேன். கதவையும் சன்னலையும் வாழ்த்துவதற்கு வயது பார்க்க வேண்டியதில்லை அல்லவா? அம்மா சமாதானமாகிவிட்டார்.

ஆணி வரிக்கு ஒரு கதை உண்டு. நான்காவது வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது உரிமையாளர் போட்ட நிபந்தனை. கடிகாரம் மூன்று வருஷம் அலமாரித் தட்டில் சாய்ந்தே கிடந்தது. யாராவது தட்டிவிட்டால் கவிழ்ந்து, பிள்ளைகள் நேரம் தெரியாமல் பள்ளிக்குத் தாமதமாகப் போவார்கள். அந்த வரியை நான் பாடிக் காட்டியபோது அக்கா சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முதல் வீட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் செல்வம், புகழ், நிறைவு என்று தேடிக்கொண்டிருக்காமல், வாடகை வீட்டில் அவர்களால் செய்ய முடியாமல் போன ஒரு காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். பாட்டு அங்கேயே இருக்கும்.

பத்திர வரி முதலில் அப்படி இல்லை. "தவணை தீர்ந்து கவலை ஓட" என்று எழுதியிருந்தேன். தகிடவில் அருமையாக உட்கார்ந்தது. ஆனால் அம்மா, "வாழ்த்துப் பாட்டுல தவணையும் வந்தாச்சு, கவலையும் வந்தாச்சு. இன்னும் என்ன மிச்சம்?" என்றார். பாட்டியல் நூல்கள் மங்கலச் சொல்லில் தொடங்கச் சொல்வதைப் பழைய காலத்துக் கட்டுப்பாடு என்று நினைத்தவள்தான் நானும். ஆனால் 40 பேர் சேர்ந்து "கவலை" என்று உரக்கப் பாடுவதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தபோது அம்மா சொன்னது புரிந்தது. பாட்டில் பொருளைவிடச் சொல்தான் முதலில் காதில் விழும். "கவலை ஓட" என்றாலும் கேட்பது கவலைதான். விருப்பத்தை மாற்றவில்லை, அது முடியும் இடத்திலிருந்து பார்த்தேன். கடன் தீர்ந்தால் என்ன நடக்கும்? கடன் கொடுத்தவர்களிடம் இருக்கும் பத்திரம் வீட்டுக்கு வரும். "பத்திரமும் வீடு சேர." பத்திரமாக வீடு சேர்வது என்ற இன்னொரு பொருளும் கூடவே வந்துவிட்டது, அது நான் எதிர்பார்த்ததில்லை. இரண்டாவது சீரில் மட்டும் குறில் முன்னாலும் கனத்த அசை பின்னாலும் வருவதால், பாடும்போது சின்னதாக ஓர் இடறல் உண்டு. விட்டுவிட்டேன்.

மெட்டுக்கு மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொண்டேன். அந்த ஐந்தில் அரைச் சுர இடைவெளி எங்குமே இல்லை. அதனால் ஒருவர் பக்கத்துச் சுரத்தில் போய் விழுந்தாலும் காதைக் குத்தாது. விருந்தாளிகளுக்கு அதிலும் மூன்றே சுரம்:

வா ழி ய வே: க ரி ச ரி
வா ழி ய வே: க ரி ரி ச

முதல் "வே" ரியில் நின்று இன்னும் முடியவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது "வே" சட்ஜத்தில் வந்து உட்காருகிறது. முன்னே பாடும் வரி "கதவு" என்பதற்கு ச ரி க, "தேடி"க்கு ப ப, "உறவு"க்கு த த ப, "கூட"வுக்கு ப க. நான் முடிக்கும் காந்தாரம்தான் அவர்கள் தொடங்கும் சுரம். அவர்கள் எதையும் தேட வேண்டியதில்லை, என் குரல் நிற்கும் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். முதல் மெட்டில் என் வரி மேல் சட்ஜத்தைத் தொட்டு நிற்க, அவர்கள் வரி கீழே எங்கோ தொடங்கியது. ஒத்திகையில் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் தொடங்கினார்கள்.

சுருதியில்தான் நான் பெரிதாக வழுக்கியது. சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டபோது ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகியவள் நான், யோசிக்காமல் அதையே பிடித்துவிட்டேன். பெண்கள் ஓரளவு ஒட்டிக்கொண்டார்கள். அத்தானும் பெரியப்பாவும் என்னோடு சமமாகப் பாடினால் கத்தல், ஒரு ஸ்தாயி கீழே போனால் வெறும் உறுமல். இரண்டு அடிக்குப் பிறகு இருவரும் மௌனமாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் பாடாமல் தாளம் மட்டும் போடுகிறார்கள் என்றால், வெட்கம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் சுருதிதான் காரணம்.

கீபோர்டில் இரண்டு கருப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டை, அதாவது 1 கட்டை, இந்தப் பாட்டுக்கு ஒத்துவந்தது. ச முதல் த வரை உள்ள எல்லை பெண்களுக்கு நடு ஸ்தாயியிலும் ஆண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் சிரமமில்லாமல் அடங்கியது. எனக்குத்தான் பழகிய இடம் இல்லாததால் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தது. இருக்கட்டும், அது என் கச்சேரி இல்லையே. முன்னே பாடுகிறவர் தன் குரல் மிளிரும் இடத்தில் சுருதி வைத்தால் மற்றவர்கள் கேட்பார்கள், அவர்கள் குரல் அடங்கும் இடத்தில் வைத்தால் சேர்ந்துகொள்வார்கள்.

நல்ல நாளன்று நான் மறந்துபோன விஷயம் அறை. ஒத்திகை பார்த்தபோது கூடத்தில் திரைச்சீலை இல்லை, நாற்காலி இல்லை, வெறும் சுவரும் தரையும்தான். ஒவ்வொரு சொல்லும் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் ஏறியது. "ஒளியும் ஊற" என்பதில் என்ன சொல் என்றே பிரியவில்லை. அதற்காக வேகத்தைக் குறைத்து, அடிக்கு அடி நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பழகியிருந்தோம். ஆனால் அன்று கூடத்தில் 40 பேர் நின்றார்கள். உடம்பும் உடைகளும் ஒலியைக் குடித்துவிடும். முதல் வரியைப் பாடியதும் என் குரல் எனக்கே பாதியாகக் கேட்டது, பழகிய வேகமோ இழுவையாக இருந்தது. இரண்டாவது அடியிலேயே நடையைக் கொஞ்சம் தட்டிவிட வேண்டியிருந்தது. காலி வீட்டில் ஒத்திகை பார்ப்பவர்கள், அன்றைக்கு எதிரொலி கைகொடுக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் திடுக்கிடல் இருக்காது.

சொல் வராதவர்களும் இருந்தார்கள். தமிழ் அவ்வளவு பழகாத அத்தானின் நண்பர் ஒருவர், பல் கட்டியதிலிருந்து வாய் திறக்கக் கூச்சப்படும் ஒரு பாட்டி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருத்தி. அவர்களுக்காகவே முதல் பல்லவியை இரண்டு முறை பாடிவிட்டு, மூன்றாம் முறை எல்லோரையும் "ம்ம்" என்று முனகச் சொல்லியிருந்தேன். உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் மட்டும் கடிபடாமல் சற்று விலகியிருக்க வேண்டும். பற்களைக் கடித்துக்கொண்டால் ஒலி இறுகிவிடும். சொல் இல்லாத அந்த ஒரு சுற்றில்தான் மெட்டு எல்லோருக்கும் படிந்தது. அதன் பிறகு வந்த "வாழியவே"க்கும் முதலில் வந்ததற்கும் இருந்த வித்தியாசம் எனக்கு முன்னால் நின்றவர்களின் முகத்திலேயே தெரிந்தது.

கடைசியில் ஒரு திறந்த அடி வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு ஒன்று கேட்கலாம், நான் அதை "வந்து சேர" என்ற முடிவில் கட்டிவிடுவேன் என்று ஏற்பாடு. முன்னால் இரண்டு சீர் காலி, அவ்வளவுதான் இடம். அக்காவின் சின்ன மகள் உடனே கத்தினாள், "பூனை!"

பூனை ஒண்ணு வந்து சேர
வாழியவே வாழியவே

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். 40 பேர் வாழ்த்திவிட்டார்கள், இனி மறுப்பது கஷ்டம். பாட்டி ஒருவர் "தூக்கம்" என்றார். ஒற்று முட்டியது, சட்டென்று முடிவை மாற்றி "நல்ல தூக்கம் இங்கு சேர" என்று சமாளித்தேன். தூக்கத்தின் "ம்" அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு கணக்கு சரியாகிவிடுகிறது. ஒருவர் "மன நிம்மதி" என்று தொடங்கி நீளமாக ஏதோ சொன்னார், அது எந்தச் சீரிலும் அடங்கவில்லை. பேச்சிலேயே வாழ்த்தச் சொல்லிவிட்டு, எல்லோரும் "வாழியவே" மட்டும் பாடினோம். அதுவும் ஒட்டத்தான் செய்தது. நான்கைந்து பேருக்கு மேல் இதை நீட்டியிருக்கக் கூடாது. நான் ஒன்பது வரை போனேன், ஏழாவதில் பின்வரிசை பேச ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் பிள்ளைகள் வேறொரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். சாமான் வராத அறை ஒவ்வொன்றிலும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், அடிக்குரலில் முனகியபடியே மெல்ல மேலே ஏறி வரச் சொன்னார்கள். ஏதோ ஒரு சுரத்தில் அறை திடீரென்று கூடவே முழங்கும். அறை சின்னதாக ஆக அந்தச் சுரம் மேலே போகிறது. படுக்கையறைகளில் அவ்வளவு தெளிவில்லை. சாமான் போட ஒதுக்கியிருந்த குட்டி அறையில் அவர் நெஞ்சே அதிர்ந்ததாகச் சொன்னார். அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அவர் ஒரு சுற்று "வாழியவே" முனக, கதவுக்கு வெளியே நின்று பிள்ளைகள் பதில் பாடினார்கள்.

மறுநாள் லாரியில் சாமான் வந்தது. அலமாரியும் மெத்தையும் உள்ளே போனபின் பெரியப்பா மறுபடி முயன்று பார்த்தார், அறை பதில் சொல்லவில்லை. அத்தான் சுத்தியலோடு கூடத்துச் சுவரில் முதல் ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.